உங்கள் யூஆர்ட் எவ்வளவு வேகப் பிழையைத் தாங்கும்?

"எலெக்ட்ரானிக்ஸ் படிப்பை முடித்திருக்கிறேன். ரெஸ்யூமேயில் மூன்று ப்ராஜெக்ட் உண்டு: வெரிலாக்கில் எழுதி எஃப்பிஜிஏ போர்டில் ஓட்டிய யூஆர்ட், ப்ரெட்போர்டில் கட்டிய வெப்பநிலைப் பதிவுக் கருவி, இரண்டு நிலை ஆப்ஆம்ப் சிமுலேஷன். கீழே பதினான்கு டூல்களின் பெயர்கள். சிப் டிசைன், எம்பெடெட் இரண்டு வேலைகளுக்கும் அதையே அனுப்புகிறேன். அழைப்பு வருவதில்லை. வந்த ஒரே நேர்காணலில் 'உங்கள் யூஆர்ட் எவ்வளவு வேகப் பிழையைத் தாங்கும்?' என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. வெப்பநிலைக் கருவியின் ஐ2சி பஸ் 400 கிலோஹெர்ட்ஸில் அவ்வப்போது சொதப்பியது, 100-க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. அதனால் அதை எழுதவில்லை. இன்னும் சில டூல்களைச் சேர்க்கட்டுமா, ஏதாவது சர்டிபிகேட் வாங்கட்டுமா?"

இரண்டும் வேண்டாம். கையில் இருக்கும் மூன்று ப்ராஜெக்ட்டுகளே போதும். ஆனால் அவற்றில் இரண்டை நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. முடித்துவிட்டு, ரெஸ்யூமேயில் அந்த வரிகளை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

நான் சிப் வெரிஃபிகேஷனில் வேலை செய்கிறேன், புதிதாக வருபவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. ரெஸ்யூமே கைக்கு வந்ததும் ப்ராஜெக்ட் பகுதிக்குத்தான் போவேன். அங்கே நான் தேடுவது, எதைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம் என்பதை. "வெரிலாக்கில் யூஆர்ட் வடிவமைத்து, சிமுலேட் செய்து, எஃப்பிஜிஏவில் செயல்படுத்தினேன்" என்ற வரியில் பிடி எதுவும் இல்லை. என்ன கிளாக், என்ன வேகம், எதைச் சோதித்தீர்கள், எங்கே உடைந்தது, ஒன்றும் தெரியாது. இதே வரி ஏராளமான ரெஸ்யூமேக்களில் இருப்பதால், உண்மையிலேயே செய்தவரையும் எங்கிருந்தோ எடுத்து ஓட்டியவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. உங்களிடம் கேட்ட கேள்வி அதைப் பிரிப்பதற்காகக் கேட்டதுதான். அதை இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பதில் கிடைத்ததும் அதுவே உங்கள் ரெஸ்யூமே வரியாகிவிடும்.

உங்கள் போர்டின் கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ், வேகம் 115200 பாட், ஒவ்வொரு பிட்டையும் 16 துண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கமான ரிசீவர் என்று வைத்துக்கொள்வோம். 50,000,000-ஐ 115200 × 16 ஆல் வகுத்தால் 27.13 வரும். கவுன்ட்டருக்கு முழு எண்தான் போகும், ஆகவே 27. அப்படியென்றால் உங்கள் ரிசீவர் உண்மையில் 115741 பாட் வேகத்தில் ஓடுகிறது, அதாவது 0.47 சதவீதம் வேகமாக. இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர் டிவைடரை எங்கிருந்தோ பார்த்து எழுதவில்லை என்பது கேட்பவருக்கு அப்போதே புரிந்துவிடும்.

அடுத்து, இந்தப் பிழை எவ்வளவு தூரம் சேர்கிறது? ஒரு ஃப்ரேம் என்பது ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஸ்டாப் பிட் என்று பத்து பிட். ஸ்டார்ட் பிட்டின் இறங்கு விளிம்பில் ரிசீவர் தன்னைச் சரிசெய்துகொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மாதிரி எடுக்கிறது. கடைசி மாதிரியான ஸ்டாப் பிட்டுக்கு வரும்போது 9.5 பிட் நேரம் கடந்திருக்கும். 0.47 சதவீதத்தை 9.5 ஆல் பெருக்கினால் ஒரு பிட்டில் சுமார் 4.5 சதவீதம் நகர்ந்திருக்கும். நடுவிலிருந்து விளிம்பு வரை அரை பிட் இடம் இருப்பதால் இதனால் ஆபத்து இல்லை. ஆனால் விளிம்பைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு துண்டு, அதாவது பிட்டில் பதினாறில் ஒரு பங்கு வரை தாமதமாகலாம். அதையும் கழித்துக் கணக்குப் போட்டால், இரண்டு பக்கத்துக் கடிகாரங்களுக்கும் இடையே சுமார் நாலரை சதவீத வேறுபாடு வரும்போது ரிசீவர் உடையத் தொடங்கும். அன்று உங்களிடம் எதிர்பார்த்த பதில் இவ்வளவுதான்.

இனி இதைச் சிமுலேஷனில் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்களின் டெஸ்ட்பெஞ்ச் ஒரே வேகத்தில் இரண்டு மூன்று பைட்டுகளை அனுப்பும், பிறகு வேவ்ஃபார்மைக் கண்ணால் பார்த்துச் சரி என்று முடித்துக்கொள்வார்கள். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் பைட் அனுப்பும் டாஸ்க்குக்கு பிட் நேரத்தையும் உள்ளீடாகக் கொடுத்துவிடுங்கள்:

```verilog
task send_byte(input [7:0] d, input real bit_ns);
  integer i;
  begin
    rx = 0; #(bit_ns);
    for (i = 0; i < 8; i = i + 1) begin
      rx = d[i]; #(bit_ns);
    end
    rx = 1; #(bit_ns);
  end
endtask
```

115200 பாடுக்கு ஒரு பிட் 8681 நானோநொடி. அதை ±2, ±4, ±6 சதவீதம் மாற்றி, ஒவ்வொரு முறையும் 0 முதல் 255 வரை எல்லா மதிப்புகளையும் அனுப்புங்கள். வந்த பைட்டை அனுப்பிய பைட்டுடன் டெஸ்ட்பெஞ்சே ஒப்பிட்டு, தவறுகளை எண்ணிச் சொல்லட்டும். கணக்கு சரியென்றால் ±4 வரை ஒரு தவறும் வராது, ±6-இல் நிச்சயம் வரும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பைட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும். நடுவே இடைவெளி விட்டால், அனுப்புபவர் வேகமாக இருக்கும்போது ரிசீவர் ஸ்டாப் பிட்டைத் தாண்டிப் போய் மாதிரி எடுத்தாலும் கோடு 1-இலேயே இருக்கும், அதனால் பிழை தொடங்கிய இடம் தெரியாமல் போய்விடும். அடுத்த ஸ்டார்ட் பிட் ஒட்டி வந்தால்தான் அது மாட்டும்.

முடிவு கணக்கோடு ஒத்துப்போகவில்லையா? அப்படியானால் உங்களுக்கு நல்ல விஷயம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் தாராளமாகத் தாங்கி, அனுப்புபவர் ஒரு சதவீதம் மெதுவானதுமே உடைந்தால், முதல் டேட்டா பிட்டுக்கு நீங்கள் எண்ணும் துண்டுகள் தவறு. ஸ்டார்ட் பிட்டின் நடுவுக்குப் போக முதலில் 8 துண்டுகளை எண்ணி, பிறகு 16, 16 ஆக எண்ண வேண்டும். விளிம்பிலிருந்தே 16 எண்ணினால் மாதிரி பிட்டின் நடுவில் விழாமல் விளிம்பில் விழும். ஒரே வேகத்தில் சோதித்திருந்தால் இது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்வதுபோல் தெரிந்திருக்கும். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் சிக்னலை இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் வழியாக உள்ளே எடுக்கிறீர்களா, ரீசெட்டில் அவற்றுக்கு 1 கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓய்வில் கோடு 1-இல் இருக்கும். நீங்கள் 0 கொடுத்தால் ரீசெட் முடிந்ததும் இல்லாத ஸ்டார்ட் பிட் ஒன்றை ரிசீவர் பார்த்துவிடக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு ரெஸ்யூமே வரி தானாக மாறிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் சொற்களில் எழுதுங்கள், பொருள் இப்படி இருக்கட்டும்:

"115200 பாட் யூஆர்ட் ரிசீவர், 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக், 16 மடங்கு ஓவர்சாம்ப்ளிங், ஆர்டிஎல், டெஸ்ட்பெஞ்ச் இரண்டும் தனியாக எழுதியவை. தானே ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட்பெஞ்சில் 256 பைட் மதிப்புகளும் இடைவெளியின்றி, வேக வேறுபாடு ±4% வரை தவறில்லை. ±6%-இல் உடைகிறது, கணித்த எல்லை சுமார் 4.5%. எஃப்பிஜிஏ போர்டில் கணினியுடன் இணைத்துச் சோதித்தது."

இதில் "தனியாக எழுதியவை" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்: "ரிசீவரும் டெஸ்ட்பெஞ்சும் என்னுடையவை, டிரான்ஸ்மிட்டர் குழுவில் மற்றொருவருடையது." இதனால் மதிப்பு குறையாது. நேர்காணலில் டிரான்ஸ்மிட்டரைப் பற்றிக் கேட்டுத் திணற வைப்பதும் நடக்காது.

சிப் டிசைனுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் இந்த ப்ராஜெக்ட் முதலில் வரட்டும். டெஸ்ட்பெஞ்ச் வேலைக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சிப் திட்டத்தில் வெரிஃபிகேஷனுக்குப் போகும் உழைப்பு மிகப் பெரியது, புதியவர்களுக்கான இடங்கள் பலவும் அந்தப் பக்கம்தான் திறக்கின்றன. வடிவமைத்ததை மட்டும் எழுதி, சரிபார்த்ததை விட்டுவிடும் ரெஸ்யூமே பாதி வாசலைத் தானே மூடிக்கொள்கிறது.

எம்பெடெட்டுக்குத் தனி ரெஸ்யூமே வேண்டும். அங்கே வரிசை தலைகீழ்: வெப்பநிலைக் கருவி மேலே, யூஆர்ட் அதற்குக் கீழே இரண்டே வரியில். நீங்கள் மறைத்துவிட்ட அந்த 400 கிலோஹெர்ட்ஸ் விஷயம் இருக்கிறதே, அந்தப் ப்ராஜெக்ட்டிலேயே எழுதத் தகுந்தது அதுதான். "ஐ2சி சென்சாரிலிருந்து வெப்பநிலையைப் படித்துத் திரையில் காட்டினேன்" என்பதை யாரும் எழுதலாம். பஸ் ஏன் சொதப்பியது என்று கண்டுபிடித்தவர் குறைவு. நீங்களும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, வேகத்தைக் குறைத்து அதிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் புல்அப் ரெசிஸ்டர். ஐ2சியில் கோட்டைக் கீழே இழுப்பது சிப், மேலே ஏற்றுவது ரெசிஸ்டர் மட்டுமே. ஆகவே ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த ரெசிஸ்டரும் கோட்டின் கெப்பாசிட்டன்ஸும். ஐ2சி விதி கேட்பது மின்னழுத்தத்தின் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு ஏறும் நேரம்:

```
t_r = 0.8473 × R × C
```

ப்ரெட்போர்டு, ஜம்பர் வயர், சென்சார் மாட்யூல் எல்லாம் சேர்ந்து 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோஓம் புல்அப்புடன் 847 நானோநொடி ஆகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் முறையில் 1000 நானோநொடி வரை அனுமதி உண்டு, அதனால் ஓடியது. 400 கிலோஹெர்ட்ஸ் முறையில் அனுமதி 300 மட்டுமே, அதனால் சொதப்பியது. 2.2 கிலோஓம் போட்டால் 186 நானோநொடி, எல்லைக்குள் வந்துவிடும். அதற்காக 470 ஓம் வரை இறங்கவும் முடியாது: கோட்டை 0.4 வோல்ட்டுக்குக் கீழே வைத்திருக்கும்போது சிப் இழுத்தாக வேண்டிய மின்னோட்டத்துக்கு விதி சொல்லும் அளவு 3 மில்லிஆம்பியர். 3.3 வோல்ட் சப்ளையில் கணக்கிட்டால் ரெசிஸ்டர் ஏறக்குறைய 1 கிலோஓமுக்குக் கீழே போகக் கூடாது.

கணக்கோடு நிறுத்தாமல் ஸ்கோப்பில் பாருங்கள். லேபில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும். 10 கிலோஓமுடன் சதுர அலையின் ஏறும் விளிம்பு சுறாமீன் துடுப்புபோல் வளைந்து தெரியும். ரெசிஸ்டரை மாற்றியதும் நிமிர்ந்துவிடும். இரண்டையும் படமெடுத்து, ஏறும் நேரத்தைக் கர்சர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளந்ததிலிருந்து உங்கள் கோட்டின் உண்மையான கெப்பாசிட்டன்ஸையும் பின்னோக்கிக் கணக்கிடலாம். விளிம்பு நன்றாகவே இருந்து, அப்போதும் சொதப்பினால் காரணம் வேறு: சப்ளை, தரைக் கம்பி, அல்லது நீங்கள் எழுதிய புரோகிராம். அதையும் அப்படியே எழுதலாம்.

அப்போது வரி இப்படி வரும்: "400 கிலோஹெர்ட்ஸில் ஐ2சி அவ்வப்போது தவறியது, ஸ்கோப்பில் ஏறும் நேரம் இவ்வளவு என்று அளந்து, புல்அப்பை 10 கிலோஓமிலிருந்து 2.2-க்கு மாற்றி விதியின் 300 நானோநொடிக்குள் கொண்டுவந்தேன்." "இவ்வளவு" என்ற இடத்தில் நீங்கள் அளந்த எண் வர வேண்டும். நான் மேலே போட்ட 847-ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். நான் ஊகித்த 100 பிகோஃபாரட்டிலிருந்து வந்த எண் அது. உங்கள் ப்ரெட்போர்டில் வேறாகத்தான் இருக்கும். ஸ்கோப் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆப்ஆம்ப்புக்கு வருவோம். இரண்டு ரெஸ்யூமேயிலும் அது ஒரே வரியாக இருந்தால் போதும், அனலாக் வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டும் மேலே ஏற்றுங்கள். அந்த ஒரு வரியில் "கெயின் 60 டிபி" என்று மட்டும் போட்டால் அது வெறும் எண். எந்த மாடல், என்ன சப்ளை, வெளியீட்டில் எத்தனை பிகோஃபாரட் சுமை, பேஸ் மார்ஜின் எவ்வளவு, மெதுவான கார்னரிலும் வேகமான கார்னரிலும் அது எவ்வளவாக மாறியது என்பதையும் சேர்த்தால்தான் அர்த்தம் வரும். சுமையைச் சொல்லாத பேஸ் மார்ஜினை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் இரண்டு நிலை ஆப்ஆம்ப்பில் சுமை கூடக் கூட அது குறையும். ஸ்கீமாட்டிக் சிமுலேஷன் மட்டும் செய்திருந்தால் அப்படியே குறிப்பிடுங்கள். "வடிவமைத்தேன்" என்று மொட்டையாக எழுதினால் லேஅவுட்டும் முடித்ததாக நினைத்துக் கேள்வி வரும்.

அப்புறம், அந்தப் பதினான்கு டூல்கள். பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் கீழும் அதில் பயன்படுத்தியதை மட்டும் எழுதுங்கள், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதோடு. "விவாடோ: சிந்தசிஸ், டைமிங் ரிப்போர்ட் வாசித்தல்" என்பது போல. ஒருமுறை திறந்து பார்த்த டூல் பட்டியலில் இருக்கக் கூடாது. நான் அடிக்கடி கேட்பது ஒன்று: "உங்கள் டிசைன் டைமிங்கில் தேறியது என்கிறீர்கள், ஸ்லாக் எவ்வளவு?" பலரின் ப்ராஜெக்ட்டில் கிளாக் கன்ஸ்ட்ரெய்ன்ட் கோப்பே இருக்காது, பின் இணைப்புகள் மட்டும் இருக்கும். கிளாக் என்னவென்று சொல்லாவிட்டால் டூல் எதையும் சோதிக்காது, அதனால்தான் பிழை எதுவும் வரவில்லை. 50 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த ஒரு வரி உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்:

```tcl
create_clock -period 20.000 [get_ports clk]
```

இல்லையென்றால் சேர்த்து மறுபடி ஓட்டி, ரிப்போர்ட்டில் `WNS` என்று வரும், மிகக் குறைந்த ஸ்லாக்கைச் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எதிர்மறையாக இல்லாமல் இருந்தால் செட்டப் டைமிங் நிறைவேறியது என்று பொருள். இவ்வளவு சிறிய டிசைனுக்கு 20 நானோநொடியில் பெரும்பகுதி மிஞ்சும். அது சாதனை இல்லைதான், ஆனாலும் அந்த எண் எங்கிருந்து வருகிறது, கிளாக்கை எவ்வளவு வரை ஏற்றலாம் என்று சொல்லத் தெரிந்தவருடன் பேச்சு மேலே போகும்.

சர்டிபிகேட் பற்றி ஒரே வரி: அதில் நீங்கள் செய்த ஏதாவது ஒன்று ப்ராஜெக்ட் வரியாக மாறும் என்றால் சேருங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தை மேலே சொன்ன இரண்டு வேலைகளுக்குக் கொடுங்கள். படிப்பு, மதிப்பெண், தொடர்பு விவரங்கள் எல்லாம் சேர்த்து ரெஸ்யூமே ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்" என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியை எடுத்தால் யூஆர்ட்டுக்குத் தேவையான இடம் அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, ப்ராஜெக்ட் இணைப்பு கொடுப்பதானால் அந்தக் கோப்புறையைத் திறந்ததும் ஓடும்படி வையுங்கள். `uart_rx.v`, `uart_rx_tb.v`, கன்ஸ்ட்ரெய்ன்ட் கோப்பு, ±4-இலும் ±6-இலும் வந்த முடிவுகளின் உரைப் பதிவு, வேவ்ஃபார்ம் படம் ஒன்று, ஐ2சியின் இரண்டு ஸ்கோப் படங்கள். டூல் தானாக உருவாக்கும் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஏற்ற வேண்டாம். `README` கோப்பில் சிமுலேஷனை ஓட்டும் கட்டளை முதல் வரியாக இருக்கட்டும்:

```
iverilog -g2012 -o tb uart_rx.v uart_rx_tb.v && vvp tb
```

அனுப்பும் முன் வேறொருவர் கணினியில் அந்த ஒரு வரியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு கோப்பு விடுபட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.